கூகுளில் உங்கள் கடைப் பக்கம் எப்படித் தெரிகிறது? தலைப்பும் விளக்கமும் எழுதும் முறை

கும்பகோணத்தில் வணிகர் சங்கக் கூட்டம் ஒன்றில் பேசும்போது, முதல் ஐந்து நிமிடம் நான் எதுவும் விளக்கவில்லை. "எல்லோரும் போனை எடுங்கள், கூகுளில் உங்கள் கடை வெப்சைட்டைத் தேடிப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். ஒருவர் கடை `Home` என்று வந்தது. இன்னொருவருக்கு வெப்சைட் செய்து கொடுத்தவர் பயன்படுத்திய மாதிரிப் பக்கத்தின் பெயரே வந்தது. பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சிக்கு நான்கு பக்கங்கள் வந்தன, நான்கும் ஒரே பெயரில். "வெப்சைட்டுக்குள்ளே போனா நல்லாத்தானே இருக்கு தம்பி?" என்றார். உள்ளே நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே வருவதா வேண்டாமா என்று வாடிக்கையாளர் முடிவு செய்வது வெளியே தெரியும் அந்த மூன்று வரியைப் பார்த்து.

அன்று பேசியதை, வர முடியாதவர்களும் செய்து பார்க்கும்படி இங்கே எழுதுகிறேன். குத்துவிளக்குப் பக்கம் ஒன்றை எடுத்துக்கொண்டு அதையே கடைசி வரை செய்வோம். கடையின் பெயர் வரும் இடத்தில் 'கடைப்பெயர்' என்று போட்டிருக்கிறேன்.

முதலில், இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள்

கூகுளில் இப்படி அடியுங்கள். `example.in` இருக்கும் இடத்தில் உங்கள் முகவரியைப் போடுங்கள். நடுவில் இடைவெளி விடக் கூடாது.

```
site:example.in
```

உங்கள் வெப்சைட்டிலிருந்து கூகுள் எடுத்து வைத்திருக்கும் பக்கங்கள் வரும். எல்லாப் பக்கமும் வந்தே தீரும் என்று இல்லை, ஆனால் நிலைமை புரிந்துவிடும். பெரிய எழுத்தில் இருப்பது தலைப்பு. கீழே சிறிய எழுத்தில் ஒன்றிரண்டு வரி இருப்பது விளக்கம்.

ஒரு பக்கமும் வரவில்லை என்றால் கோளாறு தலைப்பில் இல்லை. வேர்ட்பிரஸ்ஸில் செய்த வெப்சைட்டாக இருந்தால், `Settings` → `Reading` போய், தேடுபொறிகளைத் தடுக்கும் பெட்டியில் டிக் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கட்டும்போது போட்ட டிக்கை எடுக்க மறந்துவிடுவது நிறைய நடக்கிறது. முதலில் அதைச் சரி செய்துவிட்டு இங்கே வாருங்கள்.

இந்த இரண்டு வரியும் எங்கே இருக்கின்றன

பக்கத்தைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இவை இருக்காது. பக்கத்தின் குறியீட்டில், மேலே `head` பகுதியில் இருக்கும். தலைப்பை மட்டும் பிரவுசரின் டேப்பில் பார்க்கலாம். அண்ணாச்சியின் குத்துவிளக்குப் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்:

```html
<title>Home</title>
```

விளக்கம் என்று ஒரு வரியே இல்லை. கூகுள் பக்கத்தில் கிடைத்ததை எடுத்துப் போட்டிருந்தது. கிடைத்தது என்ன என்றால், மேலே மெனுவில் இருந்த சொற்கள்: முகப்பு, எங்களைப் பற்றி, தொடர்புக்கு.

இரண்டுக்கும் வேலை வேறு. பக்கம் எதைப் பற்றியது என்று கூகுள் புரிந்துகொள்ளத் தலைப்பில் உள்ள சொற்கள் உதவும். விளக்கம் அப்படியல்ல. அதை வைத்துப் பக்கத்தை மேலே ஏற்றுவதோ இறக்குவதோ இல்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. தேடி வந்தவர் உங்கள் வரியைத் தொடுவாரா, அடுத்த கடையின் வரியைத் தொடுவாரா என்பதில்தான் விளக்கத்துக்குப் பங்கு. அதே அறிவிப்பில், பக்கத்துக்குள் `keywords` என்று ஒளித்து எழுதும் சொற்பட்டியலைப் பார்ப்பதே இல்லை என்றும் சொன்னார்கள். அந்தப் பட்டியல் எழுதித் தருகிறேன் என்று இன்றைக்கும் யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஒரு வாரம் கல்லாவில் உட்கார்ந்து எழுதுங்கள்

தலைப்பு எழுதுவதில் கடினமான பகுதி இதுதான். இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். வருகிறவர்களும் போனில் கேட்கிறவர்களும் என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்பதை அதே சொல்லில் எழுதி வையுங்கள்.

கடைக்காரர் பேச்சு வேறு, வாங்க வருகிறவர் பேச்சு வேறு. அண்ணாச்சியின் பக்கத்தில் 'பாரம்பரியக் கலைநயமிக்க தீபங்கள்' என்று இருந்தது. அவர் கல்லாவில் அப்படி யாரும் கேட்டதே இல்லை. "மூணடி குத்துவிளக்கு என்ன விலை?", "ஜோடியா கிடைக்குமா?", "அன்னம் வெச்சது இருக்கா?", "கிலோ எவ்வளவு?", "சென்னைக்கு அனுப்புவீங்களா?" என்றுதான் கேட்டிருக்கிறார்கள். அடிக்கணக்கு, எடை, மேலே அன்னம், அனுப்பும் வசதி. தலைப்புக்கும் விளக்கத்துக்கும் வேண்டிய சரக்கு முழுக்க அந்த நோட்டில் வந்துவிட்டது.

போனில் அடிக்கும்போது இதே கேள்வி மூன்று உருவத்தில் வரும். சிலர் தமிழில் `குத்துவிளக்கு விலை` என்று அடிப்பார்கள். சிலர் ஆங்கில எழுத்தில் `kuthu vilakku price` என்று அடிப்பார்கள். வெளிமாநிலத்தில் இருப்பவர் `brass lamp 3 feet` என்று தேடலாம். மூன்றையும் ஒரே தலைப்பில் அடைக்கத் தோன்றும். வேண்டாம், காரணத்தைக் கீழே சொல்கிறேன். தமிழில் எழுதிய பக்கத்துக்குத் தமிழ்த் தலைப்பு. ஆங்கில வாடிக்கையாளர்கள் நிறைய இருந்தால் ஆங்கிலத்தில் தனிப் பக்கம் ஒன்று செய்து, அதன் தலைப்பில் `Kuthu Vilakku` என்ற சொல்லையும் சேருங்கள்.

தலைப்பை எழுதுவோம்

அண்ணாச்சி முதலில் எழுதித் தந்தது இது: 'கடைப்பெயர் – தரமான பொருட்கள், நியாயமான விலை'. இதை ஜவுளிக்கடைக்கும் போடலாம், மளிகைக்கடைக்கும் போடலாம். விளக்கு என்ற சொல்லே இல்லை.

இரண்டாம் முறை நேர் எதிராக எழுதினார்: 'குத்துவிளக்கு, பித்தளை விளக்கு, காமாட்சி விளக்கு, விளக்கு கடை, விளக்கு விலை, கும்பகோணம் விளக்கு'. இது கூவி விற்பது போல. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப அடுக்கினால் கூகுள் அந்தத் தலைப்பை ஒதுக்கிவிட்டு, தானே வேறு ஒன்றைக் காட்ட வாய்ப்பு அதிகம். படிக்கிறவருக்கும் நம்பிக்கை வராது.

மூன்றாவதாக, இந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது, எந்த அளவில், யார் கடை, எந்த ஊர் என்ற வரிசையில் எழுதினோம்:

```html
<title>பித்தளைக் குத்துவிளக்கு 1 முதல் 6 அடி வரை | கடைப்பெயர், கும்பகோணம்</title>
```

பொருள் முதலில், கடைப் பெயர் பின்னால். முகப்புப் பக்கத்துக்கு மட்டும் கடைப் பெயரை முதலில் வைக்கலாம், ஏனென்றால் அங்கே வருகிறவர் பெரும்பாலும் பெயரைத் தெரிந்துகொண்டு தேடுகிறவர்.

இந்த இடத்தில் ஒருவர், "நாச்சியார்கோவில் விளக்குன்னு போட்டா இன்னும் எடுப்பா இருக்குமே?" என்று கேட்டார். நல்ல கேள்வி. நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அங்கே வார்த்த விளக்கை விற்றால் தாராளமாகப் போடுங்கள், அந்தப் பெயரைச் சொல்லியே தேடுகிறவர்கள் உண்டு. உத்தரப்பிரதேசத்து மொராதாபாத்திலிருந்து வந்த பித்தளையையும் சேர்த்து விற்கிறீர்கள் என்றால் நாச்சியார்கோவில் விளக்குக்குத் தனிப் பக்கம் வையுங்கள். தலைப்பில் எழுதியது வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கு.

நீளம் எவ்வளவு இருக்கலாம்? 60 எழுத்துக்குள் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அது கூகுள் போட்ட விதி இல்லை, ஆங்கிலத் தலைப்புகளை வைத்து வந்த உத்தேசக் கணக்கு. கூகுள் எண்ணிக்கை வரம்பு எதுவும் சொல்லவில்லை; திரையின் அகலத்துக்கு மேல் போனால் வெட்டிவிடும். தமிழில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 'குத்துவிளக்கு' நமக்கு ஏழு எழுத்து. எழுத்து எண்ணும் கருவியில் போட்டால் 13 என்று காட்டும். மெய்யின் புள்ளியையும் உகர, இகரக் குறிகளையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. 'கும்பகோணம்' நமக்கு ஆறு, கருவிக்கு 10. எனவே கருவி சிவப்பு காட்டுகிறது என்று பதறி நல்ல சொல்லை வெட்டாதீர்கள். வெட்டுப்பட்டாலும் நஷ்டம் இல்லாதபடி முக்கியமானது முதல் நான்கைந்து சொற்களில் வந்துவிட்டதா என்று பாருங்கள். நம் தலைப்பில் 'பித்தளைக் குத்துவிளக்கு 1 முதல் 6 அடி' வரை தெரிந்தால் போதும்.

வெப்சைட்டில் பத்துப் பக்கம் இருந்தால் பத்துக்கும் வேறு வேறு தலைப்பு வேண்டும். காமாட்சி விளக்குப் பக்கத்துக்கு அதன் பெயர், தூண்டாமணி விளக்குக்கு அதன் பெயர். தொடர்புப் பக்கத்துக்கு 'கடை முகவரி, நேரம், போன்' என்று எழுதினால் அதுவே பெரிய உதவி.

விளக்கத்தை எழுதுவோம்

நோட்டில் இருக்கும் கேள்விகளில் மூன்றுக்குப் பதில் சொல்லுங்கள், அதுவே விளக்கம்.

```html
<meta name="description" content="அன்னம் வைத்த பித்தளைக் குத்துவிளக்குகள், 1 அடி முதல் 6 அடி வரை, ஜோடியாகவும் கிடைக்கும். விலை எடைக்கணக்கில். மகாமகக் குளம் அருகே கடை; வெளியூருக்கும் அனுப்புகிறோம்.">
```

இதில் 'சிறந்த', 'தரமான', 'நம்பர் ஒன்' எதுவும் இல்லை. அந்தச் சொற்கள் பக்கத்துக் கடை விளக்கத்திலும் இருக்கும். ஜோடியாகக் கிடைக்கும், வெளியூருக்கு அனுப்புவோம் என்பவைதான் ஒருவரை விரலை வைக்கச் செய்யும்.

விலையை எண்ணாகப் போடலாமா என்றால், விளக்குக்கு வேண்டாம் என்பேன். பித்தளை விலை ஏறி இறங்கும். கூகுள் பழைய விளக்கத்தைச் சில நாள், சில சமயம் சில வாரம்கூட வைத்திருக்கும். பழைய விலையைப் பார்த்துவிட்டு வருகிறவரிடம் கல்லாவில் நின்று வாதாட வேண்டிவரும். நிலையான விலை உள்ள பொருள் என்றால் போடுங்கள். பண்டிகைத் தள்ளுபடியையும் இதில் எழுதாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் தீபாவளித் தள்ளுபடி என்று தலைப்பில் போட்டதை எடுக்க மறந்து, மாசி மாதம் வரை அதைக் கேட்டு ஆள் வந்துகொண்டிருந்தார்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதிய விளக்கத்தைத்தான் கூகுள் காட்டும் என்று உறுதி இல்லை. தேடியவரின் கேள்விக்குப் பக்கத்துக்குள் இருக்கும் வேறு வரி பொருத்தம் என்று தோன்றினால் அதைக் காட்டும். ஒருவர் 'விளக்கு பார்சல் சென்னை' என்று தேடினால், கீழே எங்கோ அனுப்பும் முறை பற்றி நீங்கள் எழுதிய பத்தியிலிருந்து எடுக்கலாம். அது கோளாறு இல்லை. அந்தப் பத்தியும் ஒழுங்காக இருக்க வேண்டும், அவ்வளவுதான். படங்களை மட்டும் அடுக்கி, எழுத்தே இல்லாத பக்கத்தில் எடுப்பதற்கு ஒன்றும் இருக்காது.

எங்கே போய்ப் போடுவது

வேர்ட்பிரஸ் என்றால் விளக்கத்துக்கு என்று பெட்டி தானாக வராது. `Yoast SEO` போன்ற செருகுநிரல் ஒன்றை நிறுவினால், பக்கத்தைத் திருத்தும் திரையின் கீழே `SEO title`, `Meta description` என்று இரண்டு பெட்டி வரும். பிளாகர் என்றால் `Settings`-இல் `Enable search description` என்பதை இயக்கிவிட்டு, ஒவ்வொரு பதிவின் வலப்பக்கத்திலும் `Search Description` என்ற இடத்தில் எழுதலாம். வேறொருவர் பார்த்துக்கொள்ளும் வெப்சைட் என்றால், பக்க முகவரி, தலைப்பு, விளக்கம் என்று மூன்று கட்டம் போட்டு எழுதி அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். 'எஸ்இஓ செய்யுங்கள்' என்று பொதுவாகச் சொல்வதைவிட, இந்த வரியை இந்தப் பக்கத்தில் போடுங்கள் என்று சொன்னால் வேலை அன்றே முடியும்.

அப்புறம், நம் ஊரில் மட்டும் வரும் ஒரு கோளாறு. டிடிபி கடையில் அடித்து வாங்கிய எழுத்து பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். அந்த எழுத்துருவைச் சேர்த்திருந்தால் பக்கத்துக்குள் தமிழாகத் தெரியும். டேப்பிலும் கூகுளிலும் தெரியாது. குத்துவிளக்கு என்று அடித்தது இப்படி வரும்:

```
Fj;Jtpsf;F
```

பிரவுசர் டேப்பில் இப்படி எதையாவது கண்டால், அந்த எழுத்தை யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் மற்ற வேலை. போனில் சாதாரணமாகத் தமிழ் அடிப்பது யூனிகோடுதான், அதில் அடித்தே அனுப்பலாம்.

போட்டபின் சரிபார்ப்பது

அன்றே பார்க்க வேண்டியது பிரவுசரின் டேப். புதிய தலைப்பு அங்கே வந்துவிட்டால் நம் பக்கத்து வேலை முடிந்தது. கம்ப்யூட்டரில் பக்கத்தின் மேல் ரைட் கிளிக் செய்து `View page source` எடுத்து, விளக்கம் ஒரே ஒரு முறைதான் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு செருகுநிரல் போட்டிருந்தால் இரண்டு விளக்கம் வந்து நிற்கும்.

கூகுளில் மாறுவதற்குப் பொறுக்க வேண்டும். அது மறுபடி வந்து பக்கத்தைப் படிக்கச் சில நாள் முதல் சில வாரம் வரை ஆகலாம். கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் வெப்சைட்டைப் பதிந்திருந்தால், மேலே உள்ள கட்டத்தில் பக்க முகவரியைப் போட்டு `Request indexing` கொடுக்கலாம். தினமும் பத்து முறை அழுத்துவதால் வேகம் கூடாது.

சில வாரம் ஆகியும் கூகுள் வேறு தலைப்பைக் காட்டுகிறதா? அண்ணாச்சிக்கு அப்படித்தான் ஆனது. அவசரத்தில் தமிழ்ப் பக்கத்துக்கு ஆங்கிலத் தலைப்பு போட்டிருந்தார், வெளிநாட்டில் இருப்பவர்களும் பார்க்கட்டும் என்று. பக்கத்தின் மொழியும் எழுத்தும் ஒன்றாகவும் தலைப்பு வேறாகவும் இருந்தால், கூகுள் தலைப்பை மாற்றக்கூடும். தமிழ், ஆங்கிலம் எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் அடைக்க வேண்டாம் என்று முன்னால் சொன்னது இதனால்தான். மொழி சரியாக இருந்தும் மாறினால், பக்கத்துக்குள் பெரிய எழுத்தில் இருக்கும் தலைப்பைப் பாருங்கள். கூகுள் அதையும் கணக்கில் எடுக்கிறது. உள்ளே 'நல்வரவு' என்றும் வெளியே 'குத்துவிளக்கு' என்றும் இருந்தால் அதற்குக் குழப்பம். உள்ளேயும் 'பித்தளைக் குத்துவிளக்குகள்' என்று மாற்றுங்கள். பழைய ஆண்டு எண் தலைப்பில் நிற்பதும், எல்லாப் பக்கத்திலும் ஒரே தலைப்பு இருப்பதும் மற்ற காரணங்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று கூகுள் மேப்பில் இருக்கும் கடைப் பெயர். 'மேப்பிலும் கடைப்பெயர் – குத்துவிளக்கு, கும்பகோணம் என்று போட்டுவிடலாமே' என்று பலருக்குத் தோன்றும். அங்கே போர்டில் இருக்கும் பெயரை மட்டும்தான் போட வேண்டும் என்பது கூகுளின் விதி. கூடுதல் சொல் சேர்த்தால் அந்தப் பதிவையே முடக்கிவிடவும் கூடும். வெப் பக்கத்தின் தலைப்பில் எழுதும் சுதந்திரம் அங்கே இல்லை.

ஒரு மாதம் கழித்து

சர்ச் கன்சோலில் `Performance` பக்கத்தைத் திறங்கள். எந்தச் சொல்லைத் தேடியபோது உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் தொட்டார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று வரும். உதாரணத்துக்கு ஒரு சொல்லுக்கு 400 முறை காட்டி 4 பேர் தொட்டிருந்தால் நூற்றுக்கு ஒருவர். உடனே தலைப்பைக் குறை சொல்லாதீர்கள், இடத்தைப் பாருங்கள். சராசரி இடம் 30 என்றால் மூன்றாம் பக்கத்தில் கிடக்கிறீர்கள், அங்கே யாரும் வருவதில்லை. தலைப்பு மட்டும் அதைத் தூக்கி நிறுத்தாது. பக்கத்தில் படம், அளவு, எடை விவரம் எல்லாம் கூட வேண்டும். சராசரி இடம் 4 அல்லது 5 ஆக இருந்தும் யாரும் தொடவில்லை என்றால் அப்போது தலைப்பையும் விளக்கத்தையும் மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றி, மாற்றிய தேதியை அந்த நோட்டிலேயே எழுதி வையுங்கள். தை, ஆவணி என்று முகூர்த்த மாதங்களில் விளக்குத் தேடல் தானாகவே கூடும். தேதி இல்லாவிட்டால் எது சீசனால் வந்தது, எது தலைப்பால் வந்தது என்று பிரிக்க முடியாது.

அண்ணாச்சியோடு இந்தப் பட்டியலைப் பார்த்தபோது, அதில் `தூண்டாமணி விளக்கு` என்ற சொல் இருந்தது. அந்த விளக்கு கடையில் மேல் அலமாரியில் இருக்கிறது, வெப்சைட்டில் இல்லை. குத்துவிளக்குப் பக்கத்தில் ஒரு வரியில் பெயர் மட்டும் வந்திருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு கூகுள் காட்டியிருக்கிறது. பையனைக் கூப்பிட்டு விளக்கை இறக்கி, துடைத்து, படம் எடுக்கச் சொன்னார். எண்ணெய் தானாக இறங்கும் அந்த மேல் பாத்திரம் தெரியும்படி பக்கவாட்டிலும் ஒரு படம் எடுத்தோம். தலைப்பை இந்த முறை அவரே சொன்னார்: 'தூண்டாமணி விளக்கு, பித்தளை, தொங்கவிடும் சங்கிலியுடன் | கடைப்பெயர், கும்பகோணம்'.